பன்னிரு மாதப் பாட்டும் அதற்குள் அடங்காத நிலவும்

தமிழ் மாதங்கள் பன்னிரண்டின் பெயர்களையும் குழந்தைகள் வரிசையாக மனப்பாடம் செய்வது கடினமன்று; கடினமானது அவ்வரிசையின் நடுவிலிருந்து ஒரு மாதத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் வருவதைத் தயங்காமல் சொல்வதாகும். சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் இரண்டாம் வகுப்பு மாணவரிடம் ஐப்பசிக்கு அடுத்த மாதம் எது என்று கேட்டால், அவர் உதட்டுக்குள் மீண்டும் சித்திரையிலிருந்து தொடங்கி ஐப்பசியைத் தொட்ட பிறகே கார்த்திகையைச் சொல்வார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு திருவிழாவை இணைத்துப் பாட்டாகக் கட்டும் முறை இக்குறையைப் போக்கவே பயன்படுகிறது. பெயருக்கு ஓர் உணவோ ஒரு காட்சியோ துணை நின்றால், அந்தப் பெயர் வரிசையின் உதவியின்றியும் நினைவில் நிற்கும். ஆனால் எந்தத் திருவிழாவை எந்த மாதத்தில் வைப்பது என்ற கேள்வி, பாட்டுக் கட்டும் ஆசிரியரைப் பஞ்சாங்கக் கணக்கின் உள்ளே கொண்டு செல்கிறது. மதுரை வட்டாரத்தில் தொடக்கப் பள்ளித் தமிழாசிரியராகப் பணியாற்றிய ஒருவர் தம் வகுப்புக்காகக் கட்டிப் பலமுறை திருத்திய ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அத்தொழிலின் நுட்பங்கள் இங்கே விளக்கப்படுகின்றன. பாடலின் திருத்திய வடிவம் வருமாறு:

சித்திரை முதல்நாள் சிரிக்கும் புத்தாண்டு
வைகாசி விசாகம் வடிவேலன் திருநாள்

ஆனியில் தில்லை ஆடலான் நீராட்டு
ஆடிப் பதினெட்டில் ஆற்றுப் பெருக்கு

ஆவணி மூலம் அரனுக்குப் புட்டு
புரட்டாசிச் சனியில் பூமாலைப் பெருமாள்

ஐப்பசி இருட்டில் அதிரும் தீபாவளி
கார்த்திகை நிலவில் கதவோரம் அகல்

மார்கழி ஆதிரை மணக்கும் களியாம்
தையின் முதல்நாள் ததும்பும் பொங்கல்

மாசி மகத்தில் மாகடல் தீர்த்தம்
பங்குனி உத்திரம் பந்தலில் கல்யாணம்

ஒவ்வோர் அடியும் நான்கு சீர்களால் ஆனது. முதல் சீரில் மாதத்தின் பெயர் நிற்க, மூன்றாம் சீர் அதே எழுத்திலோ அதன் இன எழுத்திலோ தொடங்குகிறது. முதற்சீரும் மூன்றாம் சீரும் இவ்வாறு முதலெழுத்தால் ஒத்து வருவதை யாப்பிலக்கணம் பொழிப்பு மோனை என்று பெயரிட்டு அழைக்கும். குழந்தைப் பாடலுக்கு இயைபைவிட, அதாவது அடியின் இறுதி ஒத்து ஒலிப்பதைவிட, மோனையே கூடுதலாக உதவுகிறது என்பது இவ்வாசிரியரின் கருத்து. ஏனெனில் இயைபு ஓர் அடியை அடுத்த அடியோடு பிணைக்கிறதே தவிர, மாதத்தை அதன் விழாவோடு பிணைப்பதில்லை. மாதப் பெயர்களில் வைகாசி, புரட்டாசி, ஐப்பசி, மாசி ஆகிய நான்கும் ஒரே ஒலியில் முடிவதால், இயைபை நம்பிக் கட்டப்படும் பாட்டில் குழந்தை வைகாசிக்கு உரிய அடியைப் புரட்டாசியில் பாடிவிட்டுத் தவறென்றே உணராமல் கடந்துபோகும். மோனையில் அவ்வாறு வழுக்க இடமில்லை. வடிவேலன் என்ற சொல்லைப் புரட்டாசி என்ற பெயர் ஏற்றுக்கொள்ளாது. அ, ஆ, ஐ, ஔ ஆகிய உயிர்கள் தம்முள் மோனைக்கு இனமாகும் என்ற விதி இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. ஐப்பசிக்கு ஐகாரத்தில் தொடங்கும் சொல்லைத் தேடி அலையாமல் 'அதிரும்' என்று எழுதவும், தைக்குத் 'ததும்பும்' என்று எழுதவும் அவ்விதியே இடம் தருகிறது.

பாடலை இரண்டிரண்டு அடிகளாகப் பிரித்ததற்கும் காரணம் உண்டு. பழந்தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொரு பெரும்பொழுதும் இரண்டு மாத கால அளவுள்ள பருவமாகும். சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில், ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்பது அப்பகுப்பு. சித்திரையில் தொடங்கி இரண்டிரண்டாக எண்ணிச் சென்றால் ஒரு பருவமும் நடுவில் வெட்டுப்படுவதில்லை. இச்சிறு வயதில் குழந்தைகளுக்குப் பருவப் பெயர்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் அவர்கள் பின்னர் மேல்வகுப்பில் ஐந்திணையும் பொழுதும் படிக்கும்போது, அறியாமலே மனத்தில் பதிந்த இணைகள் அங்கே உதவுகின்றன. நான்கு விரல்களின் பன்னிரண்டு கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணும் பழக்கம் வீடுகளில் இருப்பதால், மும்மூன்றாகப் பிரிப்பதே எளிதென்று பெற்றோர் சிலர் கருதுவதுண்டு. அவ்வாறு பிரித்தால் ஆடி, ஆவணி, புரட்டாசி ஆகியவை ஒரே விரலில் அமையும். ஆனி முந்தைய விரலின் நுனியில் தனித்து நிற்கும். ஆசிரியர் விரல் எண்ணும் முறையைத் தடுக்கவில்லை. ஆனால் பாட்டின் மூச்சு இரண்டு அடிகளுக்கு ஒருமுறை நிற்குமாறு பார்த்துக்கொண்டார்.

ஆனி, ஆடி, ஆவணி என்னும் மூன்று பெயர்களே வகுப்பில் மிகுதியான குழப்பத்தைத் தருபவை. மூன்றும் ஆகாரத்தில் தொடங்குவதால், வேறெங்கும் துணை நிற்கும் மோனை இங்கே பகையாகிவிடுகிறது. ஆடியின் விழா ஆனிக்கும் ஒலியளவில் பொருந்தும். பெயரின் நீளமும் விழாவின் பொருளுமே இவ்விடத்தில் கைகொடுக்க வேண்டியவை. ஆனியும் ஆடியும் இரண்டெழுத்துச் சொற்கள், ஆவணி மூன்றெழுத்துச் சொல் என்பதால், குறுகிய இரண்டும் ஓர் இணையாக முதலில் பாடப்பட்டு, நெடியது அடுத்த இணையின் தொடக்கத்தில் வைக்கப்படுகிறது. எஞ்சிய ஆனிக்கும் ஆடிக்கும் இடையே வரிசையை உறுதிசெய்ய, ஆசிரியர் இரண்டு அடிகளிலும் நீரை வைத்தார்: ஆனியில் தில்லைக் கூத்தனுக்குக் குடத்து நீர், ஆடியில் காவிரிக்கு வெள்ளம். சிறிய நீர் முதலில், பெரிய நீர் பின்னர் என்ற அளவு குழந்தைகளுக்கு எளிதில் பிடிபடுகிறது. சிதம்பரம் நடராசருக்கு ஆண்டில் ஆறு முறை திருமஞ்சனம், அதாவது புனித நீராட்டு நிகழ்கிறது; அவற்றுள் ஆனி உத்திரத்தில் நிகழ்வதும் மார்கழித் திருவாதிரையில் நிகழ்வதும் பெருவிழாக்களாகும். ஆனி அடியில் உத்திரம் என்ற நட்சத்திரப் பெயரை வைப்பதே இயல்பானது என்றாலும் அது வேண்டுமென்றே விடப்பட்டது. பங்குனி அடியிலும் உத்திரம் வருவதால், ஆனியில் அச்சொல்லைக் கேட்ட குழந்தைகள் நேரே பந்தலுக்கும் கல்யாணத்துக்கும் தாவிப் பாடலை முடித்துவிடுவர். இத்தகைய தாவலைக் கண்டறிவது எளிது. பன்னிரண்டு மாதம் பாட வேண்டிய பாட்டு மூன்று மாதத்தில் முடிந்தால், இரண்டு அடிகளில் ஒரே சொல் ஒரே நிலையில் நிற்கிறது என்று பொருள். சித்திரையிலும் தையிலும் 'முதல்நாள்' இருமுறை வருவது அவ்வளவு ஆபத்தாகவில்லை. புத்தாண்டும் பொங்கலும் குழந்தையின் மனத்தில் ஒன்றுக்கொன்று நெருங்காதவை. மார்கழி அடியில் கோயில்களில் விடியலில் வழங்கப்படும் வெண்பொங்கலைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியது. அச்சொல் அங்கே நுழைந்தால் தைத் திருநாள் மார்கழிக்குப் போய்விடும். திருவாதிரைக் களி அந்த இடத்தை இடரின்றி நிரப்புகிறது.

இப்பாடலைக் காணும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி, ஆவணியில் பிள்ளையார் எங்கே என்பதுதான். தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஆவணி என்றாலே விநாயகர் சதுர்த்தியும் கொழுக்கட்டையுமாக இருக்க, மதுரையில் மட்டும் பெரிதாகக் கொண்டாடப்படும் ஆவணி மூலத்தை, வந்தி கொடுத்த புட்டுக்காகச் சிவபெருமான் மண் சுமந்த திருவிளையாடலை நினைவூட்டும் விழாவை, அங்கே வைப்பது பிடிவாதமாகத் தோன்றலாம். ஆசிரியரின் முதல் வடிவத்தில் பிள்ளையாரே இருந்தார். 2023ஆம் ஆண்டில் விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 18 அன்று, புரட்டாசி பிறந்த பிறகு வந்தது. தினசரி காலண்டர் தாளில் தமிழ்த் தேதியைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகளிடம் பாட்டும் தாளும் முரண்படுவதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. அக்காரணமே பாடலின் இறுதி வடிவத்தைத் தீர்மானித்தது என்பதால் அதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

தமிழ் மாதம் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுவது. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் புகுவதைச் சங்கராந்தி என்பர். மேஷத்தில் புகும்போது சித்திரையும் மகரத்தில் புகும்போது தையும் பிறக்கின்றன. ஆகவே சித்திரை முதல் நாள், தை முதல் நாள், ஆடிப் பதினெட்டு ஆகிய மூன்றும் சூரியனின் கணக்கிலேயே அமைந்தவை. அவை தம் மாதத்தை விட்டு ஒருபோதும் நகர்வதில்லை. அடுத்த வகை, சூரிய மாதத்துக்குள் ஒரு நட்சத்திரத்தைத் தேடிக் கொண்டாடப்படுபவை: வைகாசியில் விசாகம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம் போன்றன. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் ஏறத்தாழ இருபத்தேழு நாட்களில் சுற்றி வந்துவிடுவதால், முப்பது நாள் அளவுள்ள எந்த மாதத்திலும் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒருமுறையேனும் வந்தே தீரும். சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் இருமுறையும் வரும்; அப்போது பௌர்ணமியை ஒட்டி வருவது கொள்ளப்படுவது பெரும்பான்மை வழக்கு. எவ்வாறாயினும் விழா மாதத்தைத் தாண்டாது. புரட்டாசிச் சனிக்கிழமை கிழமையைச் சார்ந்தது என்பதால் அதற்கும் ஐயமில்லை. ஒவ்வோர் ஆண்டும் நான்கோ ஐந்தோ சனிக்கிழமைகள் அம்மாதத்தில் கட்டாயம் உண்டு.

சிக்கலைத் தருவது திதியைச் சார்ந்த மூன்றாம் வகையே. திதி என்பது அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ எண்ணப்படும் நிலவின் நாள். பிள்ளையார் சதுர்த்தியும் நவராத்திரியும் கிருஷ்ண ஜெயந்தியும் தமிழ் மாதத்தைக் கொண்டன்றி, அமாவாசைக்கு அமாவாசை செல்லும் சந்திர மாதத்தைக் கொண்டு குறிக்கப்படுகின்றன. ஒரு சந்திர மாதத்துக்கு எந்தப் பெயர் என்பதை, அதற்குள் எந்தச் சூரிய மாதம் பிறக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. புரட்டாசி எந்தச் சந்திர மாதத்துக்குள் பிறக்கிறதோ அதுவே பிள்ளையாரின் மாதம். அதன் நான்காம் வளர்பிறை நாளே சதுர்த்தி. புரட்டாசி அச்சந்திர மாதத்தின் நடுவிலோ கடைசியிலோ பிறந்தால், நான்காம் நாள் ஆவணியிலேயே கழிந்துவிடும். பெரும்பாலான ஆண்டுகளில் நிகழ்வது இதுவே. முதல் சில நாட்களுக்குள்ளேயே புரட்டாசி பிறந்துவிட்டால் பிள்ளையார் புரட்டாசிக்குப் போய்விடுவார். இவ்வாறு நோக்கினால், சந்திர மாதத்தின் தொடக்கத்தில் வரும் விழாக்களும் இடையில் வரும் விழாக்களும் ஆண்டுக்கு ஆண்டு மாதம் மாறும். கடைசியில் வருபவை மாறா. தீபாவளி, ஐப்பசி பிறக்கும் சந்திர மாதத்தின் இறுதியில், அமாவாசையை ஒட்டி வருகிறது. அதற்குள் ஐப்பசி ஏறக்குறைய எப்போதும் பிறந்துவிட்டிருக்கும். 2017ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 18 அன்று, ஐப்பசி பிறந்த உடனேயே வந்தது. 2020இல் நவம்பர் 14 அன்று, ஐப்பசி முடியும் தறுவாயில் வந்தது. இத்தனை நகர்வுக்குப் பிறகும் அது ஐப்பசியைத் தாண்டவில்லை. அதே சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் வரும் நவராத்திரியோ 2020இல் அக்டோபர் 17 அன்று தொடங்கி முழுவதும் ஐப்பசிக்குள் நிகழ்ந்தது. புரட்டாசிக்கு அதில் பங்கே இல்லை.

தீபாவளி பன்னிரு அடிகளுக்குள் இடம்பெற்றதும் பிள்ளையாரும் சரஸ்வதி பூசையும் வெளியே நின்றதும் இக்கணக்கினால்தான். ஐப்பசி அடியில் 'இருட்டு' என்றும் அடுத்த அடியில் 'நிலவு' என்றும் எழுதியது அழகுக்காக மட்டுமன்று. தீபாவளி தேய்பிறையின் கடைசியிலும் கார்த்திகைத் தீபம் பௌர்ணமியை ஒட்டியும் வருபவை என்ற செய்தி அவ்விரு சொற்களுக்குள் அடங்கியுள்ளது. வெடியும் விளக்கும் ஒரே விழாவாகக் குழந்தையின் மனத்தில் கலந்துவிடுவதையும் அச்சொற்கள் தடுக்கின்றன.

வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு வகுப்பில் எழும் ஏக்கத்தைத் தணிக்க ஆசிரியர் நான்கு அடிகள் கொண்ட துணைப்பாட்டு ஒன்றைக் கட்டினார். அதில் மாதப் பெயர் எதுவும் இல்லை; நிலவின் நாள் மட்டுமே உண்டு:

தேய்பிறை எட்டில் சீடைக்குக் கண்ணன்
பிறைநாள் நான்கில் பிள்ளையார் வருவார்
வளர்பிறை ஒன்பதில் வாணிக்குப் புத்தகம்
தேய்ந்து மறையுமுன் சிவனுக்கோர் இரவு

ஆண்டில் வரும் வரிசையிலேயே நால்வரும் நிறுத்தப்பட்டுள்ளனர். முதல் அடியிலும் நான்காம் அடியிலும் தகரத்துக்குச் சகரம் மோனையாக வந்திருப்பது யாப்பு ஏற்கும் இன எழுத்து வழக்கே. இரண்டாம் அடி முதலில் 'பிறைநான்கு கண்டால்' என்று தொடங்கியது. ஓசைக்கு அதுவே பொருத்தமானது. ஆனால் விநாயகர் சதுர்த்தி அன்று நிலவைப் பார்க்கலாகாது என்னும் நம்பிக்கை வீடுகளில் வலுவாக இருப்பதால், பாட்டிமார் அவ்வடியைப் பாட விடமாட்டார்கள். பாட்டு வீட்டில் பாடப்படாவிட்டால் நிலைக்காது என்பதை அறிந்த ஆசிரியர் ஓசையை விட்டுக்கொடுத்தார். நான்காம் அடியில் உள்ள மகா சிவராத்திரி, தீபாவளியைப் போலவே சந்திர மாதத்தின் கடைசியில் வருவதால் பெரும்பாலும் மாசிக்குள்ளேயே அமையும். அதைப் பன்னிரு அடிகளுக்குள்ளும் வைத்திருக்கலாம். ஆயினும் மாசிக்கு மகம் முந்திக்கொண்டது. ஒரு மாதத்துக்கு ஒரு விழா என்ற கட்டுப்பாட்டால் தைப்பூசமும் ஆடிப்பூரமும் வைகுண்ட ஏகாதசியும்கூட வெளியே நின்றன. இரண்டு விழாக்களைத் திணித்த அடி ஆறு சீர்களாக நீண்டு, குழந்தையின் மூச்சுக்கு அடங்காமல் போவதே இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம். முதன்மை பற்றிய மதிப்பீடு எதுவும் இதில் இல்லை.

வகுப்பில் எல்லாச் சமயத்துக் குழந்தைகளும் இருப்பதால் அவர்களுடைய பெருநாட்களைப் பற்றிய கேள்வியும் இயல்பாக எழும். கிறிஸ்துமஸ் சூரியக் கணக்கில் அமைந்த டிசம்பர் 25 அன்று வருவதால், அது மார்கழி ஒன்பதையோ பத்தையோ ஒட்டியே எப்போதும் அமைகிறது. மார்கழி அடிக்கு மாற்றாகவோ துணையாகவோ ஓர் அடியை அதற்குத் தயங்காமல் எழுதலாம். ரமலான் பெருநாளுக்கு அவ்வாறு எழுத இயலாது. இசுலாமிய ஆண்டு நிலவை மட்டுமே பின்பற்றுகிறது. சந்திர ஆண்டுக்கும் சூரிய ஆண்டுக்கும் இடையே விழும் பதினொரு நாள் இடைவெளியை மற்றச் சந்திரக் கணக்குகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துச் சரிக்கட்டுகின்றன, இசுலாமியக் கணக்கு சரிக்கட்டுவதில்லை. அதனால் ரமலான் ஆண்டுதோறும் முன்னகர்ந்து, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளில் பன்னிரு தமிழ் மாதங்களையும் சுற்றி வந்துவிடும். எந்த மாதமும் அதற்குச் சொந்தமன்று, எல்லா மாதமும் சொந்தம் என்று சொல்லிக்கொடுப்பதே உண்மைக்கு நெருங்கியது.

இடத்துக்கு ஏற்ப அடிகளை மாற்றுவதில் ஆசிரியர் தாராளம் காட்டினார். காவிரிக் கரையில் பொருள் நிறைந்து ஒலிக்கும் ஆடிப் பதினெட்டு, பேராறு இல்லாத யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு வெறும் சொல்லாகவே நிற்கும். அங்கே ஆடி முதல் நாளே ஆடிப்பிறப்பாகக் கூழும் கொழுக்கட்டையுமாகக் கொண்டாடப்படுகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்நாளைப் பற்றி எழுதிய சிறுவர் பாடல் ஈழத்துத் தமிழரிடையே பெரும்புகழ் பெற்றது. யாழ்ப்பாணத்துக்கு அவ்வடியை 'ஆடிப் பிறப்பில் ஆவிபறக்கும் கூழ்' என்று மாற்றினால் மோனையும் கெடுவதில்லை, சூரியக் கணக்கும் கெடுவதில்லை. சேலம், கரூர் பகுதிகளில் ஆடி முதல் நாளில் தேங்காய் சுடும் வழக்கம் உள்ளதால் அங்கே மூன்றாம் சீருக்குப் பின் தேங்காயை நுழைக்கலாம். ஆனால் நீர் நீங்கிவிட்டதால் ஆனிக்கும் ஆடிக்கும் இடையே இருந்த அளவுக் குறிப்பு இழக்கப்படுகிறது. அவ்விடங்களில் இவ்விரு மாதங்களையும் கூடுதலாகப் பயிற்ற வேண்டியுள்ளது.

பயிற்றும் முறையும் பாடலின் கட்டுமானத்தைப் பின்பற்றியதே. ஒரு நாளைக்கு ஓர் இணை என்ற அளவில் ஆறு நாட்களில் பன்னிரு அடிகளும் கற்பிக்கப்படுகின்றன. ஏழாம் நாளிலிருந்து பாட்டு சித்திரையில் தொடங்கப்படுவதே இல்லை. வகுப்பு ஆறு குழுக்களாகப் பிரிந்து வட்டமாக அமர, ஆசிரியர் கைகாட்டும் குழு தன் இணையிலிருந்து தொடங்கும். பங்குனி முடிந்ததும் சித்திரைக்காரர்கள் இடைவெளியின்றி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை உண்மையிலேயே வரிசையைக் கற்றுவிட்டதா என்பதை அறிய இருவகைக் கேள்விகள் போதும். மாதத்தைச் சொல்லி முந்தைய மாதத்தைக் கேட்பது ஒன்று. விழாவை மட்டும் சொல்லி, அதற்கு அடுத்த விழாவை மாதப் பெயரின்றிக் கேட்பது மற்றொன்று. புட்டுக்கு அடுத்து என்ன என்று கேட்டதும் பூமாலை என்று விடை வந்தால் இணை பதிந்துள்ளது. பெருமாளுக்கு அடுத்து வெடி என்று வந்தால், ஓர் இணையிலிருந்து அடுத்த இணைக்குச் செல்லும் பாலமும் பதிந்துவிட்டது. பிழைகள் பெரும்பாலும் இப்பாலங்களிலேயே நிகழ்கின்றன.

துணைப்பாட்டு இரண்டாம் வகுப்பில் பாடப்பட்டாலும், அதன் கணக்கு நான்காம், ஐந்தாம் வகுப்பில்தான் திறக்கப்படுகிறது. புதிய காலண்டர் வந்ததும் நால்வரும் அவ்வாண்டில் எந்தத் தமிழ்த் தேதியில் வருகின்றனர் என்பதைத் தாள்களைப் புரட்டி மாணவர் குறித்துக்கொள்வர். 2025ஆம் ஆண்டுத் தாளில் கிருஷ்ண ஜெயந்தி ஆகஸ்ட் 16 அன்று, ஆடி 31இல் வந்தது. மறுநாளே ஆவணி பிறந்தது. ஆவணிக் கண்ணன் ஏன் ஒரு நாள் முந்தினான் என்று கேட்கப்பட்ட ஐந்தாம் வகுப்பு மாணவர், அதே தாள்களில் அடுத்த அமாவாசை ஆகஸ்ட் 23 என்று கண்டு, ஆவணி அச்சந்திர மாதத்தின் கடைசி வாரத்தில் பிறந்திருப்பதையும், தேய்பிறை எட்டு அதற்கு முன்னரே வந்துவிட்டதையும் தாமே எண்ணிச் சொல்ல முடிகிறது.